இரண்டு தசமமா, மூன்று எண்ணுருவா: 12,000 டி-ஷர்ட்டுக்குத் துணிக் கணக்கு

திருப்பூரில் ஒரு பின்னலாடை யூனிட்டில் துணிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். 12,000 பீஸ் ஆர்டர். துணி சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று பார்க்க உதவும் ஜிஎஸ்எம் கட்டரில் வெட்டிய 100 சதுர செ.மீ. துண்டு 1.846 கிராம் இருந்தது. அப்படியென்றால் சதுர மீட்டருக்கு 184.6 கிராம், அதாவது 0.1846 கிலோ. வெட்டு வடிவங்களைத் துணியில் அடுக்கிக் காட்டும் மார்க்கர்படி ஒரு பீசுக்கு 0.8734 சதுர மீட்டர் துணி வேண்டும்.

எதையும் வெட்டாமல் பெருக்கினால் மொத்தம் 1934.76 கிலோ.

நான் அப்படிச் செய்யவில்லை. எல்லாவற்றையும் இரண்டு தசம இடத்துக்கு முழுமைப்படுத்தி 0.18, 0.87 என்று எழுதிவைத்தேன். பெருக்கினால் 1879.2 கிலோ. "ஏனுங்க தம்பி, ஐம்பத்தஞ்சு கிலோ எங்க போச்சுங்க?" என்றார் கட்டிங் மாஸ்டர். ஏறக்குறைய 345 சட்டைக்கான துணி அது.

தப்பு 0.18-இல்தான். புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் பார்க்க நன்றாக இருந்தாலும், 0.1846-இல் இருந்த நான்கு முக்கிய எண்ணுருக்களில், அதாவது முன்னால் வரும் பூஜ்யங்களை விட்டு எண்ணும் இலக்கங்களில், இரண்டுதான் மிஞ்சின. இந்த ஒரு வெட்டிலேயே 2.5 சதவீதம் போய்விட்டது. இதையே கிராமில் எழுதியிருந்தால் அதே இரண்டு தசம விதிக்கு 184.60 வரும், ஒன்றும் இழக்காது. தசம இடம் அலகைப் பொறுத்து ஆடுகிறது. முக்கிய எண்ணுரு அப்படி ஆடாது. பெருக்கல், வகுத்தலுக்கு என் ஓட்டு அதற்குத்தான்.

ஆனால் அதையும் ஒவ்வொரு படியிலும் போட்டால் கெடும். மூன்று எண்ணுரு வைத்து 185 × 0.873 போட்டால் ஒரு பீசுக்கு 161.505 கிராம். அதை மறுபடி 162 ஆக்கி 12,000-ஆல் பெருக்கினால் 1944 கிலோ, ஒன்பது கிலோ அதிகம். அதில் ஆறு கிலோ அந்தக் கடைசி அரை கிராமால் வந்தது.

இன்னொரு வேடிக்கை. 0.18 × 0.87 பெருக்கி ஒரு பீசுக்கு வந்த என் 0.1566-ஐயும் 0.16 ஆக்கியிருந்தால் 1920 கிலோ வந்திருக்கும். இரண்டு தப்பு ஒன்றையொன்று அடித்து, விடை ஏறக்குறையச் சரியாகத் தெரிந்திருக்கும், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கூட்டல், கழித்தலில் கதை மாறும். அங்கே தசம இடம்தான் ஜெயிக்கும். துணியில் போட்ட 50 செ.மீ. குறி துவைத்தபின் 47.6 ஆனால் சுருக்கம் 4.8 சதவீதம். இரண்டு எண்ணுரு என்று அதை 48 ஆக்கினால் 4 சதவீதமாகிவிடும். பைசாவோடு பில் கூட்டும்போதும் இரண்டு தசமம் போதும்.

எக்செலில் செல்லை இரண்டு தசமத்துக்கு ஃபார்மேட் செய்தால் காட்சி மட்டும் சுருங்கும், உள்ளே முழு எண் இருக்கும். `=ROUND(B2*C2,2)` போட்டால்தான் மதிப்பே வெட்டப்படும். திரையில் தெரிந்ததைப் பார்த்து அடுத்த ஷீட்டில் தட்டினாலும் அதே சேதம்.

அப்புறம், 1934.76 என்று கொள்முதல் சீட்டில் எழுதவும் வேண்டாம். துணியின் ஜிஎஸ்எம்மே ரோலுக்கு ரோல் கொஞ்சம் மாறும். 1935 என்று கடைசியில் ஒரு தடவை முழுமைப்படுத்தி, கட்டிங் கழிவை அதன்மேல் சேர்த்தேன்.