நாற்காலி போய் சோபா வர: சொல்லிக் கேட்பதா, படம் காட்டிக் கேட்பதா?

சத்துவாச்சாரி வாடிக்கையாளர் ஒருவர் வீட்டு ஹாலைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். ஜன்னலுக்குக் கீழே பிரம்பு நாற்காலி. அது இருக்கும் இடத்தில் எங்கள் கடையில் பார்த்துவைத்த மயில்நீல சோபா எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டும். படத்தின் ஒரு பகுதியை மட்டும் ஏஐ-யால் மாற்றி வரையும் இன்பெயின்டிங் கருவியில் இதை இரண்டு விதமாகச் செய்யலாம்: சொற்களால் மட்டும் கேட்கலாம், அல்லது சோபாவின் படத்தையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

எந்த வழியானாலும் மாஸ்க், அதாவது மாற்ற வேண்டிய இடத்தின் மேல் நாம் பூசிக் காட்டும் குறி, சரியாக இருக்க வேண்டும். முதல் முறை நாற்காலியின் ஓரத்தை ஒட்டியே மாஸ்க் பூசினேன். வந்தது ஒற்றை ஆள் சோபா. பூசிய இடத்துக்குள்தானே கருவியால் வரைய முடியும்? நிழலையும் விட்டுவிட்டதால், தரையில் நாற்காலிக் கால்களின் நிழல் அப்படியே நின்றது.

மாஸ்க்கை அகலமாக்கிவிட்டு, சொற்களால் மட்டும் கேட்டது இப்படி:

```
peacock blue velvet two-seater sofa, rolled arms,
short wooden legs, white tile floor, window light from left
```

'நாற்காலியை எடு' என்று இதில் எழுதக் கூடாது. இவ்வகைக் கருவி கட்டளையைப் படிப்பதில்லை, வரப்போகும் காட்சியின் வர்ணனையைத்தான் படிக்கிறது. நாற்காலி என்ற சொல்லைப் பார்த்தால் இன்னொரு நாற்காலியை வரைந்து வைக்கும்.

வெளிச்சமும் கோணமும் அழகாகப் பொருந்தின. ஆனால் அந்த அம்மா பார்த்த உடனே, "இது நாங்க பாத்த சோபா இல்லியேண்ணா" என்றார். நியாயம்தான். கைப்பிடியின் வளைவும் தையலும் சொல்லுக்குள் அடங்குவதில்லை.

படம் சேர்த்த வழியில் வேறு தொல்லை. சோபாவின் இரண்டு கைப்பிடியும் காணாமல் போயின! காரணம் பிடிபடக் கொஞ்ச நேரமானது. மாதிரிப் படத்தைப் பார்த்து வரையவைக்கும் ஐபி-அடாப்டர் போன்ற இணைப்புகள் அந்தப் படத்தைப் பெரும்பாலும் 224 பிக்சல் சதுரமாக, நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்கின்றன. நீளவாக்குப் படத்தில் இரு ஓரமும் போய்விடும். மேலும் கீழும் வெள்ளைப் பட்டை சேர்த்துப் படத்தைச் சதுரமாக்கியதும் கைப்பிடிகள் திரும்பின. கடையின் பின்னணியை அழித்ததும் மஞ்சள் விளக்கின் சாயலும் போனது. ஹாலை மூலையிலிருந்து எடுத்திருந்ததால், சோபாவையும் அதே பக்கவாட்டில் நின்று மறுபடி படமெடுத்தேன். நேர்முகமாக எடுத்த படம் ஒட்டவைத்த ஸ்டிக்கர் போலத் தெரிந்தது.

படம் கொடுத்தாலும் சொல்லை விடக் கூடாது. துணியும் வடிவமும் படத்திலிருந்து வரும். தரை, ஜன்னல், வெளிச்சம் வரும் திசை எல்லாம் சொல்லிலிருந்து வர வேண்டும்.

'ஏதாவது ஒரு நீல சோபா நல்லாயிருக்குமா' என்று கேட்பவருக்குச் சொல் வழியே போதும், வேகமும் அதிகம். இன்ன சோபா என்று முன்பணம் கொடுக்கப்போகிறவருக்குப் படம் வேண்டும்.

அளவு மட்டும் இரண்டு வழிக்குமே தெரியாது. மாஸ்க் எவ்வளவோ சோபாவும் அவ்வளவு. அந்த ஹாலில் 2 அடி டைல்ஸ். 5 அடி சோபாவுக்கு, சுவரோரமாக இரண்டரை டைல் எண்ணி, அதற்குமேல் போகாமல் மாஸ்க் பூசினேன்.