கால் இஞ்ச் வலை: தகரக் கூரையில் ஐந்து வருட அனுபவம்

2018-ல் பொள்ளாச்சி வீட்டு மொட்டை மாடியில் டிரஸ் போட்டு கலர் ஷீட் கூரை அமைத்தோம். 20-க்கு 30 அடி. ஷீட்டுக்குக் கீழே கிளாஸ் வூல் பஞ்சு, அதற்கும் கீழே ஃபால்ஸ் சீலிங். நீளவாக்கில் இருக்கும் இரண்டு சுவர்களின் தலைக்கும் ஷீட்டைத் தாங்கும் பர்லினுக்கும் நடுவே 4 இஞ்ச் இடைவெளி விட்டிருந்தார்கள். காற்று அந்த வழியாக உள்ளே வந்து, சூடேறி மேலே போய், உச்சியில் முகடு மூடியின் அடியில் வெளியேறும். வெயில் காலத்தில் மாடி அறையில் உட்கார முடிகிறதென்றால் அது பஞ்சால் மட்டும் அல்ல, இந்தக் காற்றோட்டத்தாலும்தான்.

காற்று வரும் வழியில் எல்லாமே வரும் என்பது முதல் வருடத்திலேயே தெரிந்துவிட்டது. பகலில் அணில், இரவில் எலி, ஷீட்டின் ஒவ்வொரு மேட்டுக்கு அடியிலும் குருவிக்கூடு. பலரும் 4 இஞ்ச் இடைவெளியை மட்டும்தான் பார்ப்பார்கள். ஷீட்டின் மேடுகள் பர்லின் மேல் உட்காரும் இடத்தில் 1 இஞ்ச் உயரம், 2 இஞ்ச் அகலத்தில் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு பொந்து இருக்கும். எங்கள் கூரையில் இரண்டு பக்கமும் சேர்த்து அப்படி 90 பொந்துகள்.

2019-ல் நான் செய்தது தவறு. மேடுகளின் வடிவத்திலேயே வெட்டிய ஃபோம் பட்டைகளைக் கூரை போட்டவர்கள் கொண்டுவந்து அடைத்தார்கள். சுவர் மேல் இருந்த இடைவெளிக்கு பிளாஸ்டிக் கொசுவலை அடித்து, ஓரங்களில் ஸ்ப்ரே ஃபோம் ஊதினோம். வேலை முடிந்தபோது பார்க்க நேர்த்தியாகத்தான் இருந்தது. அந்த ஏப்ரலில் சீலிங்குக்கு மேலே ஒரு தெர்மாமீட்டர் தொங்கவிட்டுப் பார்த்தேன். வெளியே 36 டிகிரி இருந்த பிற்பகலில் உள்ளே 52. கொசுவலை கண்ணுக்குத்தான் திறந்திருந்தது. தேங்காய் நார்த்தூளும் மண் தூசியும் சேர்ந்து இரண்டே மாதத்தில் அதைத் துணி போல ஆக்கிவிட்டன. மார்கழி அதிகாலையில் வேறொரு தொல்லை. உள்ளே தங்கிய ஈரக்காற்று குளிர்ந்த தகரத்தில் பட்டு வேர்த்து, சொட்டுச் சொட்டாகப் பஞ்சில் இறங்கியது. நனைந்து அமுங்கிய பஞ்சு வெப்பத்தைத் தடுக்காது.

சரி, விலங்குகளாவது நின்றனவா? அதுவும் இல்லை. ஃபோம் பட்டைகளை அணில் மூன்று மாதத்தில் பிய்த்தது. ஸ்ப்ரே ஃபோமை எலி ஒரே வாரத்தில் துளைத்தது. எலிக்கும் அணிலுக்கும் முன்பற்கள் வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கடித்தே ஆக வேண்டும். பிளாஸ்டிக், ரப்பர், ஃபோம், மரம் எதுவும் அவற்றுக்குத் தடை இல்லை. உலோகம் மட்டும்தான் நிற்கும்.

அதன் பிறகு ஒரு பழைய டிரஸ் மேஸ்திரியை வரவழைத்தேன். கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு அவர் சொன்னது: "ஏனுங்க, காத்தயும் சேத்து அடைச்சுப்போட்டீங்களே. ஓட்டைய மூடக் கூடாதுங்க, சிறுசு பண்ணோணும்." நான் தேடிக்கொண்டிருந்த வழி அதுதான்.

எவ்வளவு சிறியது என்பதில்தான் கவனம் வேண்டும். குருவி ஒன்றேகால் இஞ்ச் ஓட்டையில் நுழைந்துவிடும். எலிக்கு அரை இஞ்ச் சந்து போதும். சுண்டெலிக்கு கால் இஞ்சுக்குச் சற்று மேல் இருந்தாலே போதும். அரை இஞ்ச் வலை பறவைகளையும் அணிலையும் நிறுத்தும், ஆனால் சுண்டெலியும் எலிக்குஞ்சும் உள்ளே போய்விடும். அதனால் கால் இஞ்ச் ஜிஐ வெல்ட் மெஷ் வாங்கினேன். காற்று குறையுமே என்ற பயம் எனக்கும் இருந்தது. கணக்குப் போட்டால், 0.6 மில்லிமீட்டர் கம்பியால் ஆன கால் இஞ்ச் வலையில் சுமார் 80 சதவீதம் திறந்தவெளிதான். அரை இஞ்ச் வலையில் கம்பி தடிமனாக இருப்பதால் அதுவும் 84-ஐத் தாண்டுவதில்லை. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

குறையும் அந்த ஐந்தில் ஒரு பங்கை மேஸ்திரி சுலபமாக ஈடுகட்டினார். வலையைச் சுவர்மீது நட்டமாக நிறுத்தாமல், கீழ் ஓரத்தைச் சுவரின் தலையிலும் மேல் ஓரத்தைச் சற்று வெளியே தள்ளியிருந்த பர்லினிலும் வைத்துச் சாய்வாக அடித்தார். 4 இஞ்ச் இடைவெளிக்கு 6 இஞ்ச் வலை. இரண்டு பக்கமும் சேர்ந்து 60 அடி நீளத்தில் இடைவெளியின் பரப்பு 20 சதுர அடி. நட்டமாக அடித்திருந்தால் 16 சதுர அடிதான் திறந்திருக்கும். சாய்த்து அடித்ததால் வலை 30 சதுர அடி, அதில் திறப்பு 24. கொஞ்சம் தூசி படிந்தாலும் பழைய 20-க்குக் கீழே போகாது.

மேடுகளுக்கு அடியில் இருந்த பொந்துகள்தான் பொறுமையைச் சோதித்தன. ஒவ்வொன்றுக்கும் வலைத் துண்டு வெட்டி, ஓரங்களை மடித்துக் கிண்ணம் போல வளைத்து உள்ளே செருகி, அடி மடிப்பை பர்லினோடு ஸ்க்ரூ போட்டார்கள். முகடு மூடியின் கீழும் அதே வேலை. அங்கே இருந்த ஃபோமை முழுக்க எடுத்துவிட்டோம். கீழே எவ்வளவு திறந்து வைத்தாலும் மேலே வழி இல்லையென்றால் சூடு போகாது. ஸ்க்ரூக்கள் 6 இஞ்சுக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் அகல வாஷர். முதலில் ஒரு மூலையில் கட்டுக்கம்பியால் கட்டிப் பார்த்தோம். எலி தலையை முட்டி ஓரத்தை நெகிழ்த்திவிட்டது. வயர் பைப் நுழையும் ஓட்டைகளைச் சுற்றி, பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் நாரை அடைத்து மேலே சிமெண்ட் பூசினோம். சாதாரண இரும்பு நார் வேண்டாம், துருப்பிடித்துச் சுவரில் கறை இறங்கும்.

வலை அடிப்பதைவிடக் கடினமாக இருந்தது எப்போது அடைப்பது என்பதுதான். அணில் பகலில் வெளியே போகும், இரவில் கூட்டுக்குள் இருக்கும். எலி நேர்மாறு. நண்பகலில் அடைத்தால் எலி உள்ளே மாட்டும், இரவில் அடைத்தால் அணில் மாட்டும். உள்ளே மாட்டியது சும்மா இருக்காது. சீலிங்கைக் கடித்துக்கொண்டு வரும், வயரைக் கடிக்கும், இல்லாவிட்டால் அங்கேயே செத்து நாறும். இந்த நாற்றம் காரணமாகவே நான் எலி மருந்து வைக்கவில்லை. முதலில் இரண்டு ஓட்டைகளைத் தவிர எல்லாவற்றையும் அடைத்தோம். சீலிங் மேல் எலி நடக்கும் தடத்தில் பொறி வைத்தோம். பர்லின் ஓரத்தில் கருப்பாக எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி தேய்ந்திருக்குமே, அதுதான் தடம். ஆறு இரவுகளில் நான்கு எலி விழுந்தன. அப்புறம் அந்தத் தடத்தில் மைதா மாவைத் தூவி வைத்தேன். மூன்று இரவு தொடர்ந்து கால்தடம் விழவில்லை.

அடுத்து அணில். சீலிங் பலகை ஒன்றைக் கழற்றி டார்ச் அடித்தேன். தேங்காய் நார், பழைய புடவை நூல், கிளாஸ் வூல் பஞ்சு மூன்றையும் சுற்றி, சின்னத் தேங்காய் அளவுக்கு ஒரு உருண்டை. ஓரத்தை விலக்கினால் மூன்று குட்டிகள், கண் திறக்கவில்லை, முதுகில் கோடு அப்போதுதான் மங்கலாகத் தெரிந்தது. அம்மா ஏணிக்குக் கீழே நின்று, "குட்டி இருக்குதா? அப்ப இப்ப அடைக்க வேண்டாங்கண்ணு" என்றார். அணில் குட்டி பால் மறக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். தாயை வெளியே விட்டு அடைத்திருந்தால் குட்டிகள் உள்ளேயே செத்திருக்கும், தாய் விடாமல் ஷீட்டைப் பிறாண்டியிருக்கும். பலகையை மூடிவிட்டுக் காத்திருந்தோம். குருவிக்கும் இதே கணக்குதான். முட்டையிட்டு அடைகாத்துக் குஞ்சு பறக்க ஏறக்குறைய ஒரு மாதம்.

குட்டிகள் தென்னை மட்டையில் ஓடியாடத் தொடங்கிய பின், மீதி இரண்டு ஓட்டைகளிலும் செய்தித்தாளைக் கசக்கிச் செருகினேன். உள்ளே யாராவது இருந்தால் தள்ளிவிட்டு வெளியே வருவார்கள். முதல் நாள் ஒன்று தள்ளப்பட்டிருந்தது. மறுபடி செருகினேன். தொடர்ந்து மூன்று நாள் இரவும் பகலும் தாள் அசையவில்லை. நான்காம் நாள் காலை 11 மணிக்கு அந்த இரண்டையும் வலையால் அடைத்தோம். இது நடந்தது 2020 பிப்ரவரியில். ஆள்கூலியோடு எனக்குச் சுமார் 9,000 ரூபாய் ஆனது.

கெட்டுப்போன பஞ்சை மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். எலிப்புழுக்கை கிடக்கும் இடத்தை உலர்வாகப் பெருக்கக் கூடாது. எலிக்காய்ச்சல் அதன் சிறுநீர் வழியாக வருவது, தூசியும் மூச்சில் ஏறும். ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டு, கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு துணியால் அள்ளுங்கள். கிளாஸ் வூலுக்கே அந்த மாஸ்க் வேண்டும்.

வலை அடித்த பின் 2020 ஏப்ரலில், அதே 36 டிகிரி வெயிலில், சீலிங்குக்கு மேலே 44 காட்டியது. மார்கழிச் சொட்டு நின்றுவிட்டது. ஐந்து வருடத்தில் ஒரே ஒரு முறை எலி வந்தது, 2022-ல். கேபிள்காரர் புது வயர் இழுத்தபோது வலையில் விரல் நுழையும் ஓட்டை போட்டுவிட்டுப் போயிருந்தார். மைதா மாவில் கால்தடம் பார்த்த அன்றே கண்டுபிடித்தேன். அதனால் மாதம் ஒரு முறை மாவு தூவுவதை இன்றும் விடவில்லை. கூரையைத் தொடும் கிளைகளையும் மட்டைகளையும் 6 அடி தள்ளி வெட்டிவிடுகிறேன். வருடத்துக்கு இரண்டு முறை, மாசியில் ஒன்று, ஆடிக் காற்று ஓய்ந்த பின் ஒன்று, பெயிண்ட் பிரஷால் வலையைத் தட்டுகிறேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இங்கே கொண்டுவந்து சேர்க்கும் தூசி கொஞ்சநஞ்சம் அல்ல.

வலையை வெட்டிய முனைகளில் துத்தநாகப் பூச்சு இருக்காது, துரு அங்கேதான் ஆரம்பிக்கும். முன்கூட்டியே ஜிங்க் பெயிண்ட் அடித்த பக்கம் இன்னும் நன்றாக இருக்கிறது. அடிக்காமல் விட்ட தென்மேற்கு மூலை, மழைச்சாரல் நேரே படும் இடம், பழுப்பாகிவிட்டது. விரலால் அழுத்தினால் இரண்டு கம்பி ஒடிகிறது. அந்த 8 அடிக்கு மட்டும் இந்த முறை 304 எவர்சில்வர் வலை வாங்கி வைத்திருக்கிறேன். கடற்கரை ஊர்க்காரர்கள் முதலிலேயே அதை வாங்கிவிடுவது நல்லது.

குருவிகளுக்காக ஒன்றேகால் இஞ்ச் துளை போட்ட மரப்பெட்டி இரண்டை வெளிச்சுவரில், கூரை நிழலில் மாட்டினேன். முதல் வருடம் காலியாகவே கிடந்தது. இப்போது கிழக்குப் பெட்டியில் குஞ்சுச் சத்தம் கேட்கிறது. அது பறக்கட்டும் என்றுதான் தென்மேற்கு மூலை வேலையை இரண்டு வாரம் தள்ளி வைத்திருக்கிறேன்.