நாரோயில்ல இருந்து அமெரிக்காவுக்கு பலகாரம்: போஸ்டா, கூரியரா, ஆள் கைல குடுத்து விடவா?

கிறிஸ்மஸ், பொங்கல் வந்தா நம்ம மாவட்டத்துல பாதி வீட்ல இதே சோலிதான், முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் சுட்டு டப்பால அடச்சி வச்சிட்டு, எது வழியா அனுப்பணும்னு யோசிக்கது. எல்லாரும் ரேட்டத்தான் மொதல்ல கேக்காங்க. என்னக் கேட்டா மொதல்ல பாக்க வேண்டியது பலகாரம் எங்க செஞ்சதுங்கறத.

ஏன்னா அமெரிக்காவுக்குள்ள சாப்பாட்டு சாமான் போகணும்னா, அங்க எஃப்டிஏன்னு ஒரு துறை இருக்கு, அவங்களுக்கு ப்ரையர் நோட்டீஸ்னு முன்கூட்டியே ஆன்லைன்ல தகவல் குடுக்கணும். ஆனா ஒருத்தர் தன் வீட்லயே செஞ்சு, தானே அனுப்பி, இன்னொரு ஆளுக்கு அன்பளிப்பா போறதுன்னா அந்த நோட்டீஸ் தேவையில்ல. பேக்கரில வாங்குன நேந்திரங்காய் சிப்ஸுக்கு இந்த சலுகை கெடையாது, ஒரே பெட்டில ரெண்டையும் போட்டா கடை சாமானுக்கு நோட்டீஸ் வேணும். அதனால அம்மா சுட்டதுன்னா அனுப்புறவங்க பேரும் அம்மா பேராத்தான் இருக்கணும், மகன் பேர்லயோ ஏஜென்ட் பேர்லயோ போட்டா அந்த சலுகைக்கு அடிப்படையே இல்லாம போயிரும்.

இதுனாலதான் முழுக்க வீட்டுப் பலகாரம்னா எனக்கு போஸ்ட் ஆபீஸ்தான் பிடிக்கும். ஆதார் காப்பி கொண்டு போங்க, கஸ்டம்ஸ் ஃபாரத்த நீங்களே சொல்லி எழுதலாம், நம்ம பேர் நம்ம பேராவே போகும். ஃபாரத்துல "ஸ்நாக்ஸ்"னு ஒத்த வார்த்தைல முடிக்காதீங்க, அதப் பாத்தா உள்ள என்ன இருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியாது, பெட்டிய தொறந்து பாக்கத்தான் செய்வாங்க. ஹோம்மேட் ஃப்ரைட் பனானா சிப்ஸ் இத்தன கிராம், ஹோம்மேட் பாசிப்பயறு ஸ்வீட் இத்தன கிராம்னு இங்கிலீஷ்ல தனித்தனியா போடுங்க, கிஃப்ட்னு டிக் பண்ணுங்க. மொத்த மதிப்பு 100 டாலருக்குள்ள இருந்தா அன்பளிப்புன்னு வரியில்லாம விடுவாங்க, ஆனா ஒரே ஆளுக்கு ஒரே நாள்ல ரெண்டு பெட்டி போய்ச் சேந்தா ரெண்டையும் கூட்டித்தான் பாப்பாங்க.

கூரியர் ஏஜென்ட் நல்லது எப்பன்னா, கடை சாமான் கலந்து இருக்கும்போது. நோட்டீஸ் அவங்களே போட்டுத் தருவாங்க, போட்டாச்சான்னு கேட்டு அந்த கன்ஃபர்மேஷன் நம்பர வாங்கி வச்சுக்கணும். ஆனா நம்ம பலகாரம் எடை கம்மி, எடம் ஜாஸ்தி. 40 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம் பெட்டின்னா மூணையும் பெருக்கி 5000ஆல வகுப்பாங்க, 7.2 கிலோ வரும். உள்ள இருக்கது 5 கிலோதான்னாலும் 7.2க்குத்தான் காசு. சிப்ஸயும் அச்சு முறுக்கையும் கொறச்சு, முந்திரிக்கொத்து, கருப்பட்டி மாதிரி கனமான சாமான கூட்டி வச்சா இந்த நஷ்டம் கொறயும். வேக்குவம் பேக்கிங் பண்ணித் தாறோம்னு சொல்லுவாங்க, அச்சு முறுக்குக்கு மட்டும் வேண்டாம்னு சொல்லிருங்க, அப்படியே பொடிஞ்சி மாவாயிரும், அத டப்பால அடுக்கி மேல டிஷ்யூ வச்சு மூடுனாப் போதும்.

ஊருக்கு வந்துட்டுப் போறவங்க கைல குடுத்து விடுறது கருவாட்டுக்குத்தான் சரி. மீனுக்கு அங்க பொதுவா தடை இல்ல, ஆனா பல ஏஜென்ட் நாத்தத்துக்குப் பயந்து வாங்க மாட்டாங்க. ஆள் கூடவே இருந்தா ஆபீசர் கேக்கும்போது "ட்ரைட் ஃபிஷ்"னு சொல்லிக் காட்டலாம். சாப்பாடு இருக்குன்னு டிக்ளேர் பண்ணணும், பண்ணிட்டா ஆகாதத எடுத்துட்டு விட்டுருவாங்க, மறச்சு மாட்டுனாத்தான் ஃபைன். கொண்டு போறவங்களுக்கு உள்ள என்னன்னு ஒவ்வொண்ணா காட்டி, அவங்க முன்னாடியே கட்டுங்க, தெரியாத பொட்டலத்த ஒருத்தர் தலைல கெட்டுறது பாவம். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போற பெட்டில கொப்பரை வைக்காதீங்க, எண்ணெய் இருக்கதுனால தானாவே சூடேறி தீப்பிடிக்கும்னு விமானத்துக்கு ஆகாத பொருள் அது.

மூணு வழிலயும் போகாதது சிலது உண்டு. பீஃப் ஊறுகாய், கோழி ஊறுகாய், எறச்சி கலந்த எதுவும் வேண்டாம். பச்சரிசியோ புழுங்கலரிசியோ, ஒரு கிலோன்னாலும் பெட்டில வைக்கக் கூடாது, தானியத்தத் திங்கிற காப்ரா வண்டு கூட வந்துருமோன்னு பயந்து தடுத்திருக்காங்க. பச்ச கறிவேப்பிலையும் அப்படித்தான். பால் பலகாரத்த நான் சேக்கவே மாட்டேன்.

முந்திரிக்கொத்துல ஒண்ணு கவனிக்கணும். தேங்காய செவக்க வறுக்கலன்னா பாகுல ஈரம் நின்னு, பெட்டி கஸ்டம்ஸ்ல ரெண்டு நாள் தங்குனாலே பூஞ்சை பிடிச்சிரும். சுட்டு ஒரு ராத்திரி பேப்பர்ல பரப்பிப் போட்டுட்டு காலைல ஒண்ண உடச்சுப் பாருங்க, உள்ள பொலபொலன்னு இருந்தா அனுப்பலாம், கைல ஒட்டுனா அது வீட்லயே திங்கிறதுக்கு.