கருவாடு, மாங்காய் ஊறுகாய், ஜாம்: ஐப்பசி மழையை எது தாங்கும்?

காசிமேட்டில் உப்பிட்டுக் காயவைத்த வாளைக் கருவாடு, தண்டையார்பேட்டை வீட்டு ஜாடியிலுள்ள மாங்காய் ஊறுகாய், கடையில் வாங்கிய ஜாம் ஆகிய மூன்றும் கெடாமல் இருப்பதற்கு ஈரம் குறைவதே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. உண்மையில், உணவில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை விட, அதில் எவ்வளவு நீர் நுண்ணுயிரிகளுக்குக் கிடைக்கிறது என்பதே முக்கியம். இதை நீர்ச் செயல்பாடு என்ற அளவால் குறிப்பர். தூய நீருக்கு அது 1. பெரும்பாலான பாக்டீரியாக்கள் ஏறத்தாழ 0.91-க்குக் கீழும், பெரும்பாலான பூஞ்சைகள் 0.80-க்குக் கீழும் வளர்வதில்லை.

ஊறுகாயைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ மாங்காய்த் துண்டுகளில் சுமார் 850 கிராம் நீர் உண்டு. அதில் 150 கிராம் கல்லுப்பைச் சேர்த்தால், கரைசல் 15 சதவீத உப்புநீராகி, நீர்ச் செயல்பாடு ஏறத்தாழ 0.89-க்கு இறங்கும். உணவை நஞ்சாக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் 0.86 வரை தாக்குப்பிடிக்கும் என்பதால் உப்பு மட்டும் போதாது. ஆனால் பச்சை மாங்காயின் புளிப்பு அதையும் தடுத்துவிடுகிறது. எஞ்சும் பூஞ்சைக்குக் காற்று வேண்டும். துண்டுகள் மூழ்கும்படி ஊற்றிய நல்லெண்ணெய் அந்தக் காற்றை மறைக்கிறது. எண்ணெய்க்கு மேலே துருத்தி நிற்கும் துண்டில்தான் பூசணம் முதலில் பிடிக்கும். புளிப்பில்லாத பூண்டை எண்ணெயில் மட்டும் ஊறவிடுவது ஆபத்து: காற்றில்லாத இடத்தில் வளரும் பொட்டுலிசக் கிருமியைத் தடுக்க, பிஹெச் அளவு 4.6-க்குக் கீழே, அதாவது போதிய புளிப்போடு, இருக்க வேண்டும்.

ஜாமில் உப்பின் வேலையைச் சர்க்கரை செய்கிறது. சர்க்கரை மூலக்கூறு பெரியது, உப்பைப் போலக் கரைசலில் இரண்டாகப் பிரிவதுமில்லை. ஆகவே 15 சதவீத உப்பு தரும் அதே விளைவுக்கு அறுபது சதவீதத்தை ஒட்டிய சர்க்கரை தேவைப்படுகிறது. பாதி ஆறிய நிலையில் மூடினால், மூடியின் அடியில் திரளும் நீர்த்துளி மேற்பரப்பில் விழுந்து அந்த இடத்தை மட்டும் நீர்க்கச் செய்யும். பூசணத்துக்கு அது போதும்.

கருவாட்டுக்குப் புளிப்பின் துணை இல்லாததால், அதன் காவல் முழுவதும் உப்பும் வறட்சியுமே. நிறைவுற்ற உப்புக் கரைசலின் நீர்ச் செயல்பாடு 0.75 என்பதால், காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். வடகிழக்குப் பருவமழையில் கடலோரக் காற்று அந்த அளவை அடிக்கடி தாண்டுகிறது. அப்போது உப்பை விரும்பும் நுண்ணுயிரிகள் இளஞ்சிவப்புப் பிசுபிசுப்பாகவும், வறட்சியை விரும்பும் பூஞ்சை பழுப்புப் புள்ளிகளாகவும் தோன்றும். ஆகவே மழைக்காலத்துக்கு மூன்றில் ஊறுகாயையே நான் முதலில் நம்புவேன். கருவாட்டை வாங்குவதானால், மழைக்கு முன்பே நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் மூடி வைக்க வேண்டும்; ஓலைக்கூடையில் திறந்து வைத்தால் எவ்வளவு உப்பிட்டிருந்தாலும் அது நீர் விடும்.