பங்கு போடுவதா, கூறு கட்டுவதா? ஏழு வயதில் வகுத்தலை எதில் தொடங்கலாம்

பட்டனும் பேப்பர் தட்டும் வைத்து வகுத்தல் சொல்லிக்கொடுக்க இரண்டு விளையாட்டுகள் உண்டு. முதலாவது பங்கு போடுவது. 12 பட்டன், 3 தட்டு. தட்டுக்கு ஒன்றாகச் சுற்றிச் சுற்றிப் போட்டுத் தீர்க்க வேண்டும். ஒரு தட்டில் எத்தனை விழுந்தது என்பது விடை. அடுத்தது கூறு கட்டுவது. அதே 12 பட்டனை மும்மூன்றாக எடுத்துத் தட்டில் வைக்க வேண்டும். எத்தனை தட்டு ஆனது என்பது விடை. நோட்டில் எழுதினால் இரண்டும் 12 ÷ 3 = 4 தான். ஆனால் குழந்தையின் கை செய்கிற வேலை இரண்டிலும் ஒன்றில்லை.

மதுரையில் எங்கள் வீட்டில் அண்ணன் மகளுக்கும் மாடி வீட்டுப் பையனுக்கும் வகுத்தல் தொடங்கியபோது நான் பங்கு போடுவதைத்தான் எடுத்தேன். அவசரப்படாமல் அதிலேயே நெடுநாள் வைத்திருந்தேன். கூறு கட்டுவதை ஒதுக்கவில்லை. அது வர வேண்டிய இடம் வேறு என்பது என் கட்சி.

சாமான் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பட்டன் எல்லாம் ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருக்கட்டும். கோட்டுப் பட்டனும் சட்டைப் பட்டனும் கலந்திருந்தால் "எனக்குப் பெருசு" என்று பேச்சு திரும்பிவிடும், எண்ணிக்கை அடிபட்டுப்போகும். புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையல் சாமான் கடைகளில் மொத்தமாக வாங்கலாம், தெருமுனை டெய்லரிடம் கேட்டாலும் கிடைக்கும். பட்டனை வாயில் போடுகிற வயதில் தம்பி தங்கை இருந்தால் ஆட்டம் முடிந்ததும் எண்ணி டப்பாவில் போட்டு மூடிவிட வேண்டும். ஃபேனுக்குக் கீழே வெறும் பேப்பர் தட்டு நிற்காது. பங்கு போடும்போது முதல் சுற்றிலேயே எல்லாத் தட்டிலும் ஒரு பட்டன் விழுந்துவிடுவதால் சமாளிக்கலாம். கூறு கட்டும்போது காலித் தட்டுகள் அடுக்காகக் காத்திருக்கும், அவைதான் பறக்கும். மேலே ஏதாவது கனம் வைத்துவிடுங்கள்.

நான் பங்கு போடுவதன் பக்கம் சாய்வதற்குக் காரணம் ஒன்றுதான். தப்பு நடந்தால் அது யார் கண்ணில் படுகிறது?

கூறு கட்டுவதில் குழந்தை ஒவ்வொரு தட்டுக்கும் எண்ண வேண்டும். ஏழு வயதில் எண்ணிக்கை இருபதுக்குள் நன்றாக வந்தாலும், பொருளைத் தொட்டு எண்ணும்போது ஒன்றை இரண்டு முறை தொடுவதும் ஒன்றைத் தாண்டுவதும் சாதாரணம். 15 பட்டனை நான்கு நான்காகக் கூறு கட்டச் சொன்னேன் என்று வையுங்கள். சரியாக வந்தால் 3 தட்டு நிறையும், 3 பட்டன் மீதி. குழந்தை முதல் தட்டில் ஐந்தை வைத்துவிட்டால் 5, 4, 4 என்று மூன்று தட்டு நிறைந்து 2 மீதி என்று முடியும். இதில் எதுவும் விகாரமாகத் தெரியாது. மீதி என்று ஏதோ ஒன்று வரத்தானே செய்யும் என்று ஏற்கனவே சொல்லிவைத்திருப்போம். பக்கத்தில் பெரியவர் உட்கார்ந்து ஒவ்வொரு தட்டையும் எண்ணினால்தான் அந்த ஐந்தாவது பட்டன் அகப்படும். வகுத்தல் புரியாமல் வந்த தப்பா, எண்ணும்போது வந்த தப்பா என்று பிரிக்கவும் முடியாது.

பங்கு போடுவதில் எண்ணவே வேண்டியதில்லை. உனக்கொன்று, எனக்கொன்று, பாட்டிக்கொன்று என்று கை போய்க்கொண்டிருந்தால் போதும். பல்லாங்குழி ஆடிய பிள்ளைக்குக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு போகிற கை ஏற்கனவே பழகியிருக்கும். எண்ணிக்கையில் தடுமாறுகிற பிள்ளைகூட இப்படிச் சமமாகப் பிரித்துவிடும். அப்புறம் முக்கியமானது, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். மாடி வீட்டுப் பையன் ஒரு சுற்றில் தன் தட்டுக்கு இரண்டு போட்டபோது நான் வாயே திறக்கவில்லை. "அத்தை, இது அநியாயம், அவனுக்கு ஒண்ணு கூட இருக்கு!" என்று அண்ணன் மகள் அவன் கையைப் பிடித்துவிட்டாள். திருத்துகிற வேலையைத் தட்டின் சொந்தக்காரர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

ஆனால் கண்ணை முழுசாக நம்பக் கூடாது. ஒரு தட்டில் பட்டன் பரவிக் கிடந்து இன்னொன்றில் குவிந்து கிடந்தால், பரவியதுதான் அதிகம் என்று இந்த வயதில் சில பிள்ளைகள் அடித்துச் சொல்வார்கள். அப்போது எண்ணிக் காட்டி வாதாட வேண்டாம். இரண்டு தட்டின் பட்டன்களையும் தரையில் எதிரெதிரே இரண்டு வரிசையாக, பட்டனுக்குப் பட்டன் நேராக வைக்கச் சொல்லுங்கள். ஒன்று துணையில்லாமல் நின்றால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

பங்கு போடத் தெரிந்துவிட்டால் வகுத்தல் புரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கை பழகியிருக்கும், மனசு கூட வந்திருக்காது. அதைப் பார்க்க ஒரு சோதனை உண்டு. 12 பட்டனை 3 தட்டில் போட்டு முடித்ததும் இரண்டு தட்டுகளின் மேல் வேறு தட்டைக் கவிழ்த்து மூடிவிடுங்கள். திறந்திருக்கும் தட்டை எண்ணச் சொல்லுங்கள். "நாலு." சரி, மூடியிருக்கிற இதில் எத்தனை? அண்ணன் மகள் மூடியைத் தூக்கி எட்டிப் பார்க்கப் போனாள். அப்படியென்றால் சுற்றுச் சுற்றாகப் போட்டதற்கும் எல்லாத் தட்டும் சமமாக இருப்பதற்கும் உள்ள தொடர்பு அவளுக்கு இன்னும் விழவில்லை. அவளை அதே ஆட்டத்தில் இன்னும் கொஞ்சம் விட்டேன். "அதுலயும் நாலுதான், ஒவ்வொண்ணா தானே போட்டோம்" என்று மூடியைத் தொடாமல் சொன்ன அன்றுதான் அடுத்ததற்குப் போனேன். கூறு கட்டும் ஆட்டத்தில் இந்தச் சோதனைக்கு வழியே இல்லை. தட்டுக்கு இத்தனை என்று நாமே முன்னாடி சொல்லிவிடுகிறோமே.

அடுத்தது மீதி. இங்கேதான் பங்கு போடுவதன் பலவீனம் தெரியும், அதற்கு மருந்தும் அதிலேயே இருக்கிறது. அதே 15 பட்டனை 4 தட்டில் பங்கு போடச் சொல்லுங்கள். மூன்று சுற்றில் 12 பட்டன் தீர்ந்துவிடும். தட்டுக்கு 3, கையில் 3. கை நிற்காது. பழகிய வேகத்தில் நான்காவது சுற்றையும் தொடங்கி 4, 4, 4, 3 என்று முடித்துவிடும். கடைசித் தட்டுக்காரர் அழுவார். இல்லையென்றால் யாரோ "சின்னப் பிள்ளைக்குக் கூட ஒண்ணு" என்று விட்டுக்கொடுப்பார்கள். வீட்டில் அது நல்ல குணம். ஆனால் வகுத்தலில் எல்லாத் தட்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும்.

நான் வைத்த விதி இது: சுற்றைத் தொடங்குவதற்கு முன்னாடி, தட்டு எத்தனையோ அத்தனை பட்டனைக் குவியலிலிருந்து உள்ளங்கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். கை நிறையவில்லை என்றால் அந்தச் சுற்றே கிடையாது. கையில் இருப்பதை மீதிக் கிண்ணத்தில் போட்டுவிட வேண்டும். 4 தட்டு என்றால் நான்கு பட்டனை எடு, போடு. மறுபடி நான்கு, போடு. மறுபடி நான்கு, போடு. இனி மூன்றுதான் இருக்கிறது, கிண்ணத்துக்குப் போ. மீதிச் சண்டை இதோடு தீர்ந்தது.

இதில் இன்னொன்றும் நடக்கிறது. குவியலிலிருந்து பட்டன் நான்கு நான்காகக் குறைவதைக் குழந்தை தன் கையால் உணர்கிறது. ஒரு சுற்றுக்கு ஒரு கூறு. எத்தனை சுற்றோ, அத்தனை பட்டன் ஒவ்வொரு தட்டிலும். இப்போது "15ல் எத்தனை நாலு இருக்கு?" என்று கேட்டால் அது அவர்கள் செய்துகொண்டிருக்கிற வேலையைப் பற்றிய கேள்வி. பையன் மூன்றாவது முறை கையை நீட்டும்போது "நாலு, எட்டு, பன்னெண்டு" என்று நாலாம் வாய்ப்பாட்டைத் தானாகவே முணுமுணுத்தான். கூறு கட்டுவது வர வேண்டிய இடம் என்று நான் சொன்னது இதைத்தான்.

அங்கே வந்தபின் கூறு கட்டுவதற்கு உரிய பெருமையைக் கொடுக்க வேண்டும். நோட்டில் நீள் வகுத்தல் எழுதும்போது நாம் கேட்பது "27ல் எத்தனை நாலு" என்றுதான். வாய்ப்பாடு உதவிக்கு வருவதும் அந்த வழியில்தான். 60 பட்டனை ஒவ்வொன்றாகப் பங்கு போட எந்தப் பிள்ளைக்கும் பொறுமை இருக்காது. சில கணக்குகளுக்கு இயல்பான கதையே கூறு கட்டுவதில்தான் இருக்கிறது. பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருப்பரங்குன்றம் போக 14 பேர், ஆட்டோவுக்கு 3 பேர், எத்தனை ஆட்டோ வேண்டும்? நான்கு தட்டு நிறைந்து இரண்டு பட்டன் மிஞ்சும். ஈவு 4, மீதி 2. ஆனால் கூப்பிட வேண்டியது 5 ஆட்டோ. மீதியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு வர முடியாத இந்த மாதிரிக் கணக்கு பங்கு போடுவதில் அவ்வளவு எளிதாகக் கிடைக்காது.

கூறு கட்டும்போது கவனிக்க இரண்டு விஷயங்கள். தட்டுகளை முன்கூட்டியே பரப்பி வைக்காதீர்கள். 12 பட்டனை மும்மூன்றாகக் கட்டச் சொல்லிவிட்டு 4 தட்டை வரிசையாக வைத்தால் விடையை நீங்களே சொல்லிவிட்டீர்கள். தேவைக்கு மேல் அடுக்கி வைத்து, ஒவ்வொன்றாக அவர்களையே எடுக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, மிஞ்சிய பட்டனைப் புதுத் தட்டில் வைத்தால் அதையும் சேர்த்துத் தட்டை எண்ணிவிடுவார்கள். 15ஐ நான்கு நான்காகக் கட்டிவிட்டு "நாலு தட்டு" என்று வருகிற தப்பு பெரும்பாலும் இதுதான். மீதிக்கு இங்கேயும் கிண்ணம், தட்டு வேண்டாம்.

நான் இதையெல்லாம் செய்தது இரண்டு மூன்று பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்காரும் வீட்டில். முப்பது பேர் இருக்கிற வகுப்பில், தட்டுக்குச் சொந்தக்காரர் கண்காணிப்பார் என்ற என் வாதம் எவ்வளவு நிற்கும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். நான்கு பேர் கொண்ட குழுவாகப் பிரித்து, குழுவுக்கு 24 பட்டனும் 6 தட்டும் ஒரு கிண்ணமும் கொடுத்து, முதலில் 2, 3, 4, 6 தட்டுகளில் மீதி வராமல் போடவிட்டு, அப்புறம் 5 தட்டுக்கு மாற்றுவது என்பதுதான் நானாக இருந்தால் தொடங்குகிற வழி. 5 தட்டில் நான்கு சுற்று முடியும்போது கையில் 4 மிஞ்சும், ஐந்தாம் சுற்றுக்கு ஒன்றே ஒன்று குறையும். அந்த ஒன்று எங்கே போனது என்று தரையெல்லாம் தேடுவார்கள்; தேடட்டும், டப்பாவிலிருந்து எடுத்து மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.