வேதாரண்யம் வீட்டுக்கு எதைக் கொண்டுபோவது: எவர்சில்வரா, பருத்தியா, மரமா, தோலா?

ஐப்பசியில் என் தங்கை வேதாரண்யத்தில் கட்டிய வீட்டுக்குக் குடிபோனாள். மொய் தனி. கையில் கொண்டுபோய்க் கொடுக்க 2,000 ரூபாய்க்குள் ஒரு பொருள் வாங்க வேண்டும். கும்பகோணத்துக் கடைத்தெருவில் ஒரு நாள் அலைந்ததில் நான்கு பொருள்கள் மனதில் நின்றன: ஒரு ஜோடி எவர்சில்வர் சம்படம், இரண்டு பருத்திக் குளியல் துண்டு, பூஜைக்கு ஒரு மர மணை, பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் அவள் வீட்டுக்காரருக்கு ஒரு தோல் பை. நான்கும் ஏறக்குறைய ஒரே விலை. கடையில் பார்க்கும்போது நான்குமே பளிச்சென்றுதான் இருந்தன.

வேதாரண்யம் என்பதை மறந்துவிட்டு இந்த நான்கையும் ஒப்பிட முடியாது. அங்கே உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஊர். காற்றில் உப்பு இருக்கும், ஐப்பசி கார்த்திகையில் சுவரே வியர்க்கும். கும்பகோணத்தில் பத்து வருஷம் உழைக்கிற பொருள் அங்கே இரண்டு வருஷத்தில் முகத்தைக் காட்டிவிடும். எனக்கு இது தெரிந்த விதம் கசப்பானது. முன்பு ஒரு தைப்பொங்கலுக்கு அவளுக்கு ஒரு எவர்சில்வர் தூக்குவாளி கொடுத்தேன், மூடியில் அவள் பெயரைப் பொறித்து. அடுத்த வருஷம் போனபோது அந்த எழுத்துகளுக்குள் பழுப்பு நிறத்தில் புள்ளி புள்ளியாக இருந்தது. பொறித்த பள்ளத்தில் உப்பும் ஈரமும் தங்கும், துரு அங்கேதான் முதலில் தலைகாட்டும். கடையில் போய்க் கேட்டால், பெயர் போட்ட சாமானைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள்.

அதனால் எவர்சில்வரிலிருந்தே தொடங்குகிறேன். ஏமாறுவதற்கு அதிக வழி உள்ளதும் அதில்தான்.

கடையில் எல்லாமே எவர்சில்வர்தான். ஆனால் உள்ளே இருக்கும் உலோகக் கலவை வேறு வேறு. 304 என்பதில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் அளவுக்கு இருக்கும். 202 என்பதில் நிக்கல் ஏறக்குறைய பாதிதான். அந்தக் குறைவை ஈடுகட்ட மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள். நிக்கல் விலை அதிகம், மாங்கனீசு மலிவு. அதைவிடவும் நிக்கலைக் குறைத்த வகைகள் பாத்திரக்கடைகளில் சாதாரணமாகப் புழங்குகின்றன. உலர்ந்த சமையலறையில் பருப்பு போட்டு வைக்க 202 போதும், தப்பில்லை. உப்புக் காற்றிலும் புளித்தண்ணீரிலும்தான் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாரும் சொல்வது காந்தம். 'ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் நல்ல சரக்கு' என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆனால் 202இலும் காந்தம் ஒட்டாது, 304இலும் ஒட்டாது. காந்தம் பிரித்துக் காட்டுவது நிக்கலே இல்லாத 430 போன்ற வகையை மட்டும்தான். இன்னொரு குழப்பமும் உண்டு: தகட்டை அழுத்தி இழுத்துப் பாத்திரமாக்கும்போது, வளைந்த இடங்களில் நல்ல 304கூட லேசாகக் காந்தத்தைப் பிடிக்கும். விளிம்பில் ஒட்டுகிறதே என்று நல்ல பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒட்டாத 202ஐ வாங்கி வருபவர்கள் இருக்கிறார்கள்.

இதைச் சரியாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் காயலான் கடைக்காரர்கள். எங்கள் தெருமுனைக் கடைக்காரரிடம் ஒரு சின்ன பாட்டில் திரவமும் ஒரு பேட்டரியும் இருக்கின்றன. கடையில் பேசி, 304 என்று முத்திரை குத்திய இரண்டு சம்படங்களை 'பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தருகிறேன்' என்று எடுத்துப்போய் அவரிடம் கொடுத்தேன். அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டார், பேட்டரியின் கம்பியைத் தொட்டார். முதல் சம்படத்தில் சொட்டின் நிறம் பெரிதாக மாறவில்லை. இரண்டாவதில் சில நொடியில் செக்கச்செவேலென்று ஆனது. "மாங்கனீசு ஜாஸ்திக்கா, இது எரநூறு ரகம்" என்றார். இரண்டிலும் அடியில் இருந்தது அதே எண். முத்திரை குத்துவது யாரும் செய்யக்கூடிய வேலை. ஐஎஸ்ஐ குறியும் அதோடு IS 14756 என்ற எண்ணும் இருந்தால் கொஞ்சம் நம்பலாம். அதோடு பில்லில் 304 என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் நான் வாங்குவதில்லை.

அடுத்தது கனம். இதற்குத் தராசு போதும். 20 சென்டிமீட்டர் அகலமும் அதே உயரமும் உள்ள மூடியோடு கூடிய சம்படம், அரை மில்லிமீட்டர் தகட்டில் செய்தால் ஏறத்தாழ 800 கிராம் இருக்கும். எனக்கு முதலில் காட்டியது அதே அளவில் 610 கிராம். அப்படியென்றால் தகடு 0.4 மில்லிமீட்டரைக்கூட எட்டவில்லை. பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் டக்கென்று உள்ளே போய் வந்தது. நான் கடைசியில் எடுத்தது 820 கிராம். விளிம்பு உள்பக்கமாக முழுவதும் மடித்திருக்கிறதா என்றும் விரலை ஓட்டிப் பாருங்கள். பாதி மடித்த விளிம்பின் இடுக்கில் தண்ணீர் நிற்கும்.

ஒரு எல்லையையும் சொல்ல வேண்டும். 304 ஆனாலும் அதில் கல் உப்பைக் கொட்டி வைக்கக் கூடாது. ஈர உப்பு நாள்கணக்கில் உட்கார்ந்தால் அதிலும் குழி விழும். உப்புக்கு ஜாடிதான்.

துண்டுக்கு வருவோம். உப்புக் காற்று பருத்தியை ஒன்றும் செய்யாது என்பதால் வேதாரண்யத்துக்கு இது நல்ல போட்டி. ஆனால் 'நூறு சதவீதம் காட்டன்' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்குவதும் 304 முத்திரையை நம்புவதும் ஒன்றுதான்.

நூலை எரித்துப் பார்க்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. பருத்தி காகிதம்போல எரிந்து மெல்லிய சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கறுத்த மணியாக இறுகும். சோதனை சரிதான், எந்த நூலை எரிக்கிறோம் என்பதில்தான் விஷயம். குளியல் துண்டில் மேலே நிற்கும் வளையங்கள் ஒரு நூல், அவற்றைத் தாங்கும் அடித்துணி வேறு நூல். மேல் வளையத்தைப் பருத்தியிலும் அடித்துணியைப் பாலியெஸ்டரிலும் நெய்வது உண்டு. அதனால் வளையத்தில் ஒரு நூல், வளையமே இல்லாத ஓரப்பட்டையில் ஒரு நூல் என இரண்டையும் தனித்தனியாக எடுத்து எரிக்க வேண்டும். எரித்தும் பிடிபடாதது ரேயான். அதுவும் பருத்தி மாதிரியே எரியும். அதற்கு நூலை நனைத்து இழுக்க வேண்டும். பருத்தி நூல் நனைந்தால் இன்னும் உறுதியாகும், ரேயான் நனைந்தால் சட்டென்று அறும். கடைக்காரரிடம் ஓரத்தில் தொங்கும் இரண்டு நூல் கேட்டால் கொடுத்துவிடுவார், யாரும் கோபப்படுவதில்லை.

துண்டிலும் தராசு உதவும். 75க்கு 150 சென்டிமீட்டர் துண்டு, ஒரு சதுர மீட்டருக்கு 500 கிராம் என்று அட்டையில் போட்டிருந்தால் 560 கிராம் எடை இருக்க வேண்டும். நான் எடுத்த முதல் துண்டு 430தான். கணக்குப் போட்டால் 380 சொச்சம் வருகிறது. அது மோசமான துண்டு இல்லை; சீக்கிரம் காயும் என்பதால் மழைக்காலத்துக்கு அதுவே வசதிகூட. 500க்கான விலையைக் கேட்டதுதான் தப்பு. கையில் தொட்டால் வெண்ணெய் மாதிரி இருக்கிறதே என்று மயங்கவும் வேண்டாம். அந்த வழவழப்பு மேலே ஏற்றிய மென்மையூட்டி. புதுத் துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாக நிற்பதும் அதனால்தான், இரண்டு மூன்று துவைப்புக்குப் பிறகு உறிஞ்சத் தொடங்கும்.

மர மணையை நான் சீக்கிரமே ஒதுக்கிவிட்டேன். மணையைத் தலைகீழாகத் திருப்பி, பலகையின் முனையைப் பார்க்க வேண்டும். மேற்பரப்பில் ஓடும் மர ரேகை முனையிலும் இறங்கி வந்தால் முழுப் பலகை. ரேகை விளிம்போடு நின்றுபோய், முனையில் அடுக்கடுக்காகவோ தூளை அழுத்தியது போலவோ தெரிந்தால் மேலே ஒட்டியது வெறும் ஏடு. எனக்குக் காட்டியது முழுத் தேக்குதான், பொய்யில்லை. ஆனால் பாதி வைரம், பாதி வெளிறிய வெள்ளை மரம், மேலே ஒரே நிறமாகச் சாயம். உளு முதலில் தின்பது அந்த வெள்ளைப் பகுதியைத்தான். வெள்ளைத்தாளின் மேல் வைத்து இரண்டு தட்டு தட்டினேன், மாவு கொட்டவில்லை. ஆனாலும் கால்களை இரும்பு ஆணியால் அடித்திருந்தார்கள். வேதாரண்யத்துக் காற்றுக்கு அந்த ஆணி எத்தனை நாள்? வைரம் பாய்ந்த பலகையில் பொளி வைத்துக் கோத்த மணை கிடைத்தால் நான்கில் அதுவே மேல், இந்த விலையில் அது கிடைக்கவில்லை.

தோல் பைக்கு 2,000 ரூபாய் போதவே போதாது. அந்த விலைக்கு வருவது பெரும்பாலும் ரெக்சின், இல்லையென்றால் தோலின் அடி அடுக்கின் மேல் பிளாஸ்டிக் பூசியது. வாசனையை வைத்து முடிவு செய்யாதீர்கள், வாசனையைத் தெளிக்கலாம். வாரில் குத்திய துளையையும், உள் பாக்கெட்டில் மடிக்காமல் விட்ட ஓரத்தையும் பாருங்கள். தோலென்றால் வெட்டிய இடத்தில் நார் நாராகத் தெரியும். துணி வலையின் மேல் ஒரு படலம் தெரிந்தால் அது ரெக்சின். அந்தப் பூச்சு வகைகளில் பாலியூரித்தேன் ஒன்று. காற்றின் ஈரமே அதைச் சிதைக்கும், பீரோவில் வைத்திருந்தால்கூட நாலைந்து வருஷத்தில் செதில் செதிலாக உரியும். நிஜத் தோலுக்கும் மழைக்காலத்தில் வெள்ளைப் பூசணம் வரும், ஆனால் துடைத்து நிழலில் காயவைத்தால் போய்விடும். உரிந்த பூச்சுக்கு வைத்தியம் கிடையாது.

கடைசியில் 304இல் இரண்டு சம்படம், 1,380 ரூபாய். மிச்சத்தில் 560 கிராம் எடையுள்ள ஒரே ஒரு துண்டு. சம்படத்தில் பெயர் பொறிக்கவா என்று கடைப் பையன் மெஷினைக் கையில் எடுத்தான், வேண்டாம் என்றேன். தங்கை அன்றைக்கே ஒன்றில் துவரம்பருப்பையும் இன்னொன்றில் மிளகாயையும் கொட்டினாள். உப்புப் பையைக் கையில் எடுத்துக்கொண்டு, "அக்கா, இதுக்கும் ஒண்ணு வாங்கியிருக்கலாமே?" என்று கேட்டாள். அடுத்த தடவை வரும்போது ஒரு பீங்கான் ஜாடி கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.