ஐந்தாவது நகர்த்தலில் கறுப்பின் மூன்று வழிகள்: காஸ்லிங்கை எப்போது தள்ளிப் போடலாம்?

இரு குதிரைத் தற்காப்பு ஆடுகிறவர்கள் எல்லோரும் ஒருநாள் இந்த நிலைக்கு வந்து நிற்பார்கள்:

```
1.e4 e5 2.Nf3 Nc6 3.Bc4 Nf6 4.d4 exd4 5.O-O
```

வெள்ளை காஸ்லிங் முடித்துவிட்டது. கறுப்பின் ராஜா இன்னும் e8-இல் இருக்கிறது. e வரிசையில் கறுப்புச் சிப்பாய் இல்லை. வெள்ளையின் e4 சிப்பாயும் போய்விட்டால் f1-இல் இருக்கும் யானைக்கு நேர்வழி கிடைத்துவிடும். இங்கே கறுப்புக்கு மூன்று வழிகள் உண்டு. `5...Be7` ஆடி உடனே காஸ்லிங்குக்குத் தயாராகலாம். `5...Bc5` ஆடி மேக்ஸ் லாங்கே தாக்குதலை வரவேற்கலாம். `5...Nxe4` என்று சிப்பாயை எடுத்துக்கொண்டு, காஸ்லிங்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. `5...Be7 6.Nxd4 O-O` என்று போனால் ராஜாவுக்கு ஆபத்து இல்லை. மையத்தில் வெள்ளைக்குக் கொஞ்சம் அதிக இடம், கறுப்புக்குக் கொஞ்சம் நெருக்கடி, அவ்வளவுதான். பயந்து ஆடும் ஆட்டம் என்று இதை நான் சொல்லமாட்டேன். ஆனால் வெள்ளை கையை நீட்டிக் கொடுத்த சிப்பாயை எடுக்காமல் விடுவதற்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் உண்மையிலேயே இருக்கிறதா என்பதை மூன்றாவது வழிதான் சொல்லும்.

அதில் முக்கிய வரிசை இப்படிப் போகும்:

```
5...Nxe4 6.Re1 d5 7.Bxd5 Qxd5 8.Nc3
```

வெள்ளையின் எட்டாவது நகர்த்தல் முதல் தடவை பார்க்கிறவரைத் திகைக்க வைக்கும். c3 குதிரையை எதனாலும் எடுக்க முடியாது. e4 குதிரை நகர்ந்தால் ராஜாவுக்கு யானையின் செக். d4 சிப்பாய் எடுத்தால் d வரிசை திறந்து கறுப்பு ராணி போய்விடும். ஆகவே ராணி ஒதுங்க வேண்டும், வெள்ளை e4-இல் குதிரையைத் திரும்ப எடுக்கும். வழக்கமான தொடர்ச்சி `8...Qa5 9.Nxe4`.

இப்போது e வரிசையில் e1 யானைக்கும் e8 ராஜாவுக்கும் நடுவே வெள்ளைக் குதிரை ஒன்று மட்டும் நிற்கிறது. அது எங்கே குதித்தாலும் செக். என்னிடம் ஆட்டம் கற்ற ஒரு பையன் இந்த இடத்தில் யோசிக்காமல் f8 பிஷப்பை e7-க்குத் தள்ளினான். “அடுத்த நகர்த்தலில் காஸ்லிங் போட்டுவிடலாம் சார்” என்றான். பலகையிலேயே அதைப் பார்த்தோம்:

```
9...Be7 10.Bg5 O-O 11.Bxe7 Nxe7 12.Nf6+ gxf6 13.Rxe7
```

அவன் சொன்னபடி காஸ்லிங் நடந்துவிட்டது. ஆனால் ராஜா போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள். g சிப்பாய் f6-க்குப் போய்விட்டதால் முன்வாசல் திறந்து கிடக்கிறது. வெள்ளை யானை ஏழாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. காய்க் கணக்கு மோசமில்லை, ராஜாவின் நிலைதான் மோசம். காஸ்லிங் போடாமல் பத்தாவது நகர்த்தலில் `10...Bxg5` என்று எடுத்தால் இன்னும் கேடு. `11.Nf6+` குதிரையும் யானையும் சேர்ந்து கொடுக்கும் இரட்டைச் செக். ராஜா f8-க்கு ஓடினால் `12.Re8` மேட்.

அந்த இடத்தில் சரியான நகர்த்தல் `9...Be6`. இது காஸ்லிங்குக்கான அவசர நகர்த்தல் அல்ல. e வரிசையில் முதலில் ஓர் அடைப்பை வைத்துவிடுகிறது. அதை வைத்த பிறகு ராஜா ராணிப் பக்கமாகப் போகிறது:

```
10.Neg5 O-O-O 11.Nxe6 fxe6 12.Rxe6 Bd6
```

எண்ணிப் பாருங்கள். இரு பக்கமும் ஆறு ஆறு சிப்பாய்கள், மற்ற காய்களும் சமம். h8 யானையைத் தவிர கறுப்பின் காய்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டன. வெள்ளையின் c1 பிஷப்பும் a1 யானையும் இன்னும் வீட்டைவிட்டுக் கிளம்பவில்லை. பத்தாவது நகர்த்தல் வரை காஸ்லிங்கைத் தள்ளிப் போட்டதால் கறுப்புக்கு நஷ்டமில்லை. ராஜா நடுவில் நின்ற ஒவ்வொரு நொடியும் e வரிசையில் ஏதோ ஒரு காய் குறுக்கே இருந்தது, அல்லது அடுத்த நகர்த்தலில் குறுக்கே வைக்க வழி இருந்தது. அதுதான் காரணம்.

வெள்ளை ராணிப் பக்கக் காஸ்லிங்கைத் தடுக்க முயலலாம். `10.Bd2 Qf5 11.Bg5` என்று ஆடினால் d8 கட்டம் பிஷப்பின் கண்பார்வைக்குள் வந்துவிடும், ராஜா அந்தப் பக்கம் போக முடியாது. அப்போதும் e6 அடைப்பு இடத்திலேயே இருப்பதால் கறுப்புக்கு மூச்சுவிட நேரம் உண்டு. `11...h6` என்று பிஷப்பைக் கேட்டுவிட்டு, எந்தப் பக்கம் என்பதைப் பிறகு முடிவு செய்யலாம்.

இணையத்தில் ஆடுகிறவர்கள் இன்னொன்றையும் எதிர்பார்க்க வேண்டும். ஆறாவது நகர்த்தலில் யானைக்குப் பதில் `6.Nc3` வரும். `6...dxc3` என்று எடுத்தால் `7.Bxf7+ Kxf7 8.Qd5+` என்று ராஜாவின் காஸ்லிங் உரிமையே போய்விடும். கணக்கிட்டு ஆடினால் கறுப்பு தாங்கும், ஆனால் மூன்று நிமிட ஆட்டத்தில் நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். `6...Nxc3 7.bxc3 d5` போதும்.

இரண்டாவது வழியான `5...Bc5` பக்கம் வந்தால் ஆபத்து இன்னும் பச்சையாகத் தெரியும்:

```
6.e5 d5 7.exf6 dxc4 8.Re1+ Be6 9.Ng5
```

இங்கேயும் e6-இல் அடைப்பு இருக்கிறது. ஆனால் g5 குதிரையும் e1 யானையும் அதையே குறிவைத்திருக்கின்றன. `9...O-O` என்று கைவந்த பழக்கத்தில் காஸ்லிங் போட்டால் `10.Rxe6 fxe6 11.f7+` வரும். யானையால் எடுத்தால் `11...Rxf7 12.Nxf7 Kxf7 13.Qh5+` ஆடி, அடுத்த நகர்த்தலில் c5 பிஷப்பை ராணி அள்ளிக்கொள்ளும். ராஜா h8-க்கு ஒதுங்கினாலும் ராணி h5-க்கு வந்துவிடும். கறுப்பு `9...Qd5 10.Nc3 Qf5 11.Nce4 O-O-O` என்று போக வேண்டும். ராஜா இங்கேயும் ராணிப் பக்கம்தான் போகிறது, ஆனால் இங்கே பதினோராவது நகர்த்தலில்தான். வித்தியாசம் என்னவென்றால், முந்தைய வழியில் ஒரு நகர்த்தலைத் தவறவிட்டால் நிலை கெடும், இதில் ஆட்டமே போகும். இவ்வளவு மனப்பாடத்துக்குப் பிறகு கறுப்புக்குக் கிடைப்பது, `5...Nxe4`-இல் எளிதாகக் கிடைப்பதைவிடப் பெரிதில்லை.

அதனால் என் தேர்வு `5...Nxe4`. நிதான ஆட்டத்தில் அதையே ஆடுவேன். இந்த வரிசையை இன்னும் பலகையில் வைத்துப் பார்க்காதவருக்கு `5...Be7` சொல்லிக் கொடுப்பேன். ஆட்டத்தின் நடுவில் வரிசை மறந்துபோனால், காஸ்லிங் போடக் கை நீளும் முன் ஒரு விஷயத்தைப் பாருங்கள்: வெள்ளையின் யானை எந்த வரிசையில் நிற்கிறது, அந்த வரிசையில் உங்கள் ராஜாவுக்கு முன்னே நிற்கும் காய் உங்களுடையதா, எதிராளியுடையதா? ஒன்பதாவது நகர்த்தலில் e4-இல் நின்றது எதிராளியின் குதிரை. அந்தப் பையன் தவறவிட்டது அதைத்தான்.